நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள்: சம்பந்தி வீட்டுக்கு எப்படி நன்றி சொல்வது?

பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்தைப் பார்த்துப் பார்த்து நடத்திக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரும்பியாயிற்று. "நல்லா செஞ்சாங்க, அவங்களுக்கு ஏதாவது சொல்லணும்" என்ற பேச்சு வீட்டுக்குள் எழுகிறது. போனில் சொன்னால் போதுமா, வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, ஒரு நடை நேரில் போய் வருவதா, கடிதம் எழுதுவதா, ஏதாவது வாங்கி அனுப்புவதா? எல்லாமே செய்யக்கூடியவைதான். ஆனால் சம்பந்தி உறவில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு அர்த்தத்தோடு போய்ச் சேரும்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெண் வீடு கும்பகோணம், மாப்பிள்ளை வீடு கோவை. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயம். கல்யாணம் தை மாதத்தில். கோவையிலிருந்து ஐம்பது பேர் வருவதாகச் சொல்லி, அறுபத்திரண்டு பேர் பேருந்தில் போய் இறங்கினார்கள். இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள் குளித்துத் தயாராக நான்கு அறைகள் தயாராக இருந்தன. மூட்டுவலிக்கார பாட்டிக்குத் தரைத்தளத்தில், வெஸ்டர்ன் கழிப்பறை உள்ள அறை. சர்க்கரைக்காரர் இருவருக்கு வெண்பொங்கலோடு தனியாகக் கோதுமை ரவை உப்புமா. லக்ன பத்திரிகை வாசித்து, தாம்பூலம் மாற்றி, பந்தி முடிந்து கிளம்பும்போது, வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்குகளில் பேருந்தில் ஏறின.

எந்த வழியில் சொன்னாலும் முதலில் கவனிக்க வேண்டியது சொல். நம் வீடுகளில் உறவுக்காரர்களிடம் பெரும்பாலும் "நன்றி" என்று சொல்வதில்லை. கடைக்காரரிடமும் மேடையிலும் அது சரி. சம்பந்தியிடம் "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "நன்றி சொல்லி எங்களை அந்நியமாக்கிட்டீங்களே" என்று பதில் வரும். பாதி விளையாட்டாக, பாதி உண்மையாக. "மனசு நிறைஞ்சு போச்சு", "ஒரு குறையும் இல்லாம அனுப்பி வச்சீங்க", "எங்க வீட்டுப் பெரியவங்களை உங்க வீட்டுப் பெரியவங்க மாதிரி பார்த்துக்கிட்டீங்க" என்பதுதான் நம் மொழியில் நன்றி.

அடுத்தது, சொல்லவே கூடாத மூன்று வாக்கியங்கள். நல்ல எண்ணத்தில்தான் அவை வாயில் வரும், அதனாலேயே ஆபத்து. ஒன்று, "இதே மாதிரி கல்யாணத்தையும் ஜமாய்ச்சிடுங்க". பெண்ணின் அப்பா காதில் இது பாராட்டாக விழாது, கல்யாணத்துக்கான அளவுகோலாக விழும். அன்று இரவே அவர் கணக்கு நோட்டை எடுத்துவிடுவார். இரண்டு, "எவ்வளவு செலவு பண்ணியிருக்கீங்க!" அக்கறையைப் பேச வேண்டிய இடத்தில் பணம் வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாவது, "பரவாயில்லை". இந்தச் சொல் தானாக வருவதில்லை. பெண் வீட்டார் தாங்களாகவே ஒரு குறையை எடுத்துச் சொல்வார்கள், "கடைசிப் பந்தியில சாம்பார் கொஞ்சம் குறைஞ்சு போச்சுங்க" என்று. "பரவாயில்லைங்க" என்றால், குறை நடந்தது உண்மை, நாங்கள் மன்னித்துவிட்டோம் என்று ஆகிறது. அதற்காக, குறையவே இல்லை என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "ஐம்பது பேர்னு சொல்லிட்டு அறுபத்திரண்டு பேர் வந்தது நாங்கதானே. அதையும் முகம் சுளிக்காம சமாளிச்சீங்க" என்றால் அது உண்மை. அந்த வீட்டின் மனசில் கிடந்த பாரமும் இறங்கிவிடும்.

தொலைபேசி: இதைத் தவிர்க்க வழியில்லை

மற்ற எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் போன் பேசியே ஆக வேண்டும். கடிதம் நாலு நாளில் வரும், நேரில் ரெண்டு வாரத்தில் போவோம் என்று போனை விட்டுவிட்டால், அந்த இடைவெளியில் பெண் வீட்டில் "ஒரு வார்த்தையும் சொல்லலையே, என்ன குறை கண்டாங்களோ" என்ற பேச்சு ஓட ஆரம்பித்துவிடும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. ஊர் வந்து இறங்கியதும் "நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம்" என்று சொல்லும் போன் வேறு, மனசு நிறைந்து பேசும் போன் வேறு. முதலாவது அன்று இரவே, அரை நிமிடத்தில் முடிய வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் மண்டபச் சாவியை ஒப்படைத்துக்கொண்டும், சமையல்காரருக்குக் கணக்கு முடித்துக்கொண்டும், மிஞ்சிய சாதத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். நீளமாகப் பேச ஆரம்பித்தால் "சரிங்க, சரிங்க" என்று வாங்கிக்கொள்ள மட்டுமே அவர்களுக்குத் தெம்பு இருக்கும். இரண்டாவது போன் மறுநாள் காலை எட்டரைக்கு மேல், அல்லது மாலை ஏழு மணி வாக்கில். நம் கோவைக் குடும்பத்துக்கு அது திங்கட்கிழமை. காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அதைப் பார்க்கும் வீடானால் ஒன்பதே காலுக்கு எடுக்கலாம்.

யார் யாருக்குப் பேசுவது என்பது முக்கியம். மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பாவிடம், அம்மா அம்மாவிடம். இது தெரிந்ததுதான். விட்டுப்போவது தாய்மாமன். பெண்ணின் தாய்மாமன் சபையில் மாலை வாங்கியவர். பல வீடுகளில் பந்தியில் நின்று பரிமாற வைத்தவரும் அவரே. அவருக்குத் தனியாக இரண்டு நிமிடம் பேசாவிட்டால் அந்த மனத்தாங்கல் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும்போது வெளியே வரும். பெண்ணுக்கு அப்பா இல்லாமல் அம்மா தனியாக நின்று நடத்திய விசேஷம் என்றால், அம்மாவிடம் முதலில், அடுத்த அழைப்பு அவர் அண்ணன் தம்பிக்கு. மாப்பிள்ளைப் பையனும் தனியாக மாமாவிடமும் அத்தையிடமும் பேச வேண்டும். பெண்ணோடு தினமும் பேசுகிறானே, அவள் சொல்லிவிடுவாள் என்று விடக்கூடாது.

பேச்சு ஐந்து நிமிடம் போதும். பொதுவாக "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்பதை விட, அவர்கள் சிரமப்பட்டுச் செய்த இரண்டு விஷயங்களைப் பெயர் சொல்லிச் சொல்வது பல மடங்கு போய்ச் சேரும். மாப்பிள்ளையின் அம்மா இப்படிப் பேசலாம்:

"சம்பந்தி, நேத்து ராத்திரியே பேசணும்னு நெனச்சேன், நீங்க அசந்து போயிருப்பீங்கன்னு விட்டுட்டேன். எங்க அத்தைக்குக் கீழேயே ரூம் பார்த்து வச்சிருந்தீங்க பாருங்க, அதை வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஒரு விசேஷத்துக்குப் போயி கால் வலிக்காம வந்தது இதுதான் முதல் தடவைன்னாங்க. பஸ்ஸுல கொடுத்துவிட்ட புளியோதரையைக் கரூர் தாண்டறதுக்குள்ள காலி பண்ணிட்டாங்க பசங்க. நீங்க இப்ப ஓய்வு எடுத்தீங்களா? காலு வீங்கியிருக்கும், ரெண்டு நாள் நடமாடாம இருங்க."

இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. இன்னொன்றும் இல்லை: கல்யாண வேலைப் பேச்சு. மண்டபம், நகை, பத்திரிகை என்று எதையும் இந்தப் போனில் எடுக்கவே கூடாது. எடுத்தால், முதல் மூன்று நிமிடம் பேசியதெல்லாம் அதற்குப் போட்ட அடித்தளம் போலத் தெரிந்துவிடும். அவர்களே எடுத்தாலும், "அதை அடுத்த வாரம் சாவகாசமா பேசுவோம்" என்று தள்ளிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்: போனுக்குப் பிறகு வந்தால் அழகு, முன்னால் வந்தால் வினை

நிச்சயம் முடிந்த கையோடு இரண்டு வீட்டாரும் சேர்ந்த குழு ஒன்று உருவாகியிருக்கும். அதில் யாராவது ஒரு மைத்துனர் அன்று இரவே பூங்கொத்துப் படத்தோடு "விழாவைச் சிறப்பாக நடத்திய அனைவருக்கும் நன்றி" என்று போட்டுவிடுவார். அதற்குக் கீழே முப்பது கைகூப்பும் பொம்மைகள். பெரியவர்கள் போன் பேசும் முன் இது நடந்தால், பேச்சின் ஈரம் பாதி போய்விடுகிறது. முடிந்தால் பேருந்திலேயே "நாளைக்கு அண்ணன் பேசின பிறகு குழுவில் போடலாம்" என்று சொல்லிவைக்கலாம்.

குழுவில் பெயர்ப் பட்டியல் போட வேண்டாம். பன்னிரண்டு பெயர் போட்டு, அடுப்பங்கரையில் நின்ற பதின்மூன்றாவது ஆளை விட்டுவிட்டால் அது அறுபது பேர் பார்க்க நடந்த தவறு. குழுச் செய்தி பொதுவாகவும் நாலு வரிக்குள்ளும் இருக்கட்டும். பெயர் சொல்வதைத் தனிச் செய்தியில் வைத்துக்கொள்ளலாம். "சித்தி, காலையில அஞ்சு மணிக்கே எங்களுக்குக் காபி போட்டு வச்சது நீங்கதான்னு பெரியம்மா சொன்னாங்க. பேருந்தை விட்டு இறங்கின உடனே கையில சூடா காபி கிடைச்சதை யாரும் மறக்கலை" என்று மாப்பிள்ளையின் தங்கை ஒருத்தருக்கு அனுப்புவது, குழுவில் வரும் நூறு வாழ்த்தைவிடக் கனமானது.

எழுத்தைச் சிரமப்பட்டுப் படிக்கும் வயதானவர்களுக்குக் குரல் பதிவு நன்றாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் முழுசாகக் கேட்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: குரல் பதிவு கைமாறிக்கொண்டே போகும். அந்த வீட்டில் யார் கேட்டாலும் வருத்தம் வராத பேச்சாக இருக்க வேண்டும்.

நேரில் போவது: மதிப்பு அதிகம், சுமையும் அதிகம்

இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம் என்றால், நேரில் போய் வருவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விசேஷம் நடத்திக் களைத்தவர்கள், நன்றி சொல்ல வருபவர்களுக்காக மறுபடி இலை போட வேண்டி வரும். சம்பந்தி வருகிறார் என்றால் வடை பாயசம் இல்லாமல் நம் ஊரில் எந்த வீடும் விடாது. அதனால் விசேஷம் நடந்த வாரமே போவதை நான் சரி என்று சொல்லமாட்டேன். பத்து நாளுக்கு மேல் விட்டு, இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, மாலைக் காபி வேளையில் போய், ஒன்றரை மணி நேரத்தில் கிளம்புவது நல்லது. "சாப்பாட்டுக்கு வேற இடத்துல சொல்லியாச்சு" என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்களுக்கு அடுப்பு வேலை இல்லை. சொன்னதை உண்மையாக்க வழியில் உள்ள ஒரு உறவினர் வீட்டில் நிஜமாகவே சொல்லி வைத்துக்கொள்ளலாம்.

பலரும் ஞாயிறு மாலை என்று முடிவு செய்து, வீட்டு வாசலில் மாட்டிக்கொள்வார்கள். ஞாயிறன்று ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை. மூன்றே முக்காலுக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும், அல்லது காலை பத்தரை என்று வைத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி பார்க்கும் வீடுகள் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் இந்த மாதிரிப் பயணத்தை ஒத்திப்போடுபவர்களும் உண்டு. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவர்கள் வீட்டுப் பழக்கத்தைக் கேட்டுக்கொள்வது மரியாதை. ஆள் எண்ணிக்கை இரண்டு, நான்கு, ஐந்து. மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று பாட்டிமார் சொல்வது இன்னும் பல வீடுகளில் செல்லுபடியாகிறது.

கையில் என்ன கொண்டுபோவது? ஒரு தட்டு போதும். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், இரண்டு முழம் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிலோ இனிப்பு, அரைக்கிலோ காரம். பால்கோவா மாதிரிப் பால் இனிப்புகள் அதிக நாள் தாங்காது. மைசூர்பாகு, லட்டு என்றால் அவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் நாள் இருக்கும். தட்டில் புடவை வேட்டி வைக்க வேண்டாம். துணி ஏறிய உடனே அது சீர் ஆகிவிடும், பெண் வீட்டில் பதிலுக்கு என்ன வைப்பது என்ற பேச்சு எழும்.

பரிசு: வாங்கும் முன் ஒரு கேள்வி

மற்ற எல்லா வழிகளையும் விட இங்கேதான் நல்ல மனசு தப்பாகப் போகிறது. நம் ஊரில் விசேஷத்துக்கு விசேஷம் செய்முறை நோட்டில் ஏறுகிறது. யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்து, ஒரு படி கூடவே திருப்பிச் செய்கிற வழக்கம் நம்முடையது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழோ டின்னர் செட்டோ வந்து இறங்கினால், பெண் வீட்டில் அதை நன்றியாக எடுத்து வைக்க மாட்டார்கள். "இதுக்கு நாம என்ன செய்யறது" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். கல்யாணச் செலவு தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில் அவர்களுக்கு இன்னொரு கடனை ஏற்றிவிடுகிறோம்.

அதனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இதற்குப் பதில் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுமா? தின்று தீர்கிற பொருளுக்கு அப்படித் தோன்றுவதில்லை. தோட்டத்துத் தேங்காய் பத்து, வீட்டில் பொடித்த சாம்பார்பொடி ஒரு கிலோ, கோவையிலிருந்து என்றால் நல்ல நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ. இவையெல்லாம் நோட்டில் ஏறாது.

இன்னொன்று புகைப்படம். இது மிக நல்ல வழி, ஏனோ யாரும் நினைப்பதில்லை. விசேஷம் நடத்துகிற வீட்டுக்காரர்கள் அன்று ஒரு படத்திலும் ஒழுங்காக நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளின் கைபேசிகளில் தேடினால், பெண்ணின் அப்பா தண்ணீர் ஜக்கோடு பந்தியில் குனிந்து நிற்பது, பெரியம்மா தேங்காய்க்கு மஞ்சள் பூசுவது என்று இருபது முப்பது படம் தேறும். அவற்றைப் பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பத்தில் செருகி அனுப்பினால், எவ்வளவு கவனித்துப் பார்த்தோம் என்பதை நாம் சொல்லவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் போட்டால் மங்கலாக வரும். எடுத்தவர் கைபேசியிலிருந்து மூலப்படத்தையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்க வேண்டும்.

பணம் கொடுப்பது ஓர் இடத்தில்தான் பொருந்தும். பாத்திரம் கழுவியவர், இலை எடுத்தவர் போன்ற கூலிக்கு வந்தவர்களுக்கு, அன்றே, வீட்டுக்காரருக்குத் தெரிவித்துவிட்டு. பரிமாறிய சொந்தக்காரப் பையன் கையில் நூறு ரூபாய் திணித்தால் அந்த வீட்டையே வேலைக்காரர் ஆக்கியதாகிவிடும்.

கடிதம்: தூரத்துக்கு ஏற்றது

ஐந்தாறு மணி நேரப் பயணத் தூரம், நேரில் போக முடியாது, போன் பேசியும் மனசு ஆறவில்லை என்றால் கடிதம் எழுதலாம். இன்று யார் எழுதுகிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் எழுதுவதில்லை என்பதால்தான் அது பீரோவில் பத்திரமாக இருக்கும். போன் பேச்சை ஒருவர்தான் கேட்கிறார். கடிதத்தை நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க வீடே கேட்கும்.

ஒரு பக்கம் போதும். மாப்பிள்ளையின் அப்பாவோ தாத்தாவோ தன் கையால், நீல மையில் எழுத வேண்டும். நல்ல சேதிக்குக் கறுப்பு மையைத் தவிர்க்கும் வீடுகள் உண்டு. மேலே பிள்ளையார் சுழி. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவதானால் உலர்ந்த மஞ்சள்பொடியை விரலால் தேய்த்து உதறிவிட வேண்டும். குழைத்துத் தடவினால் தாள் சுருங்கும், மடித்த இடத்தில் ஒட்டி எழுத்தையும் கலைத்துவிடும். போனில் சொன்ன அதே இரண்டு விஷயத்தைத் திருப்பி எழுதாமல், போனில் சொல்லக் கூச்சப்பட்டதை எழுதலாம்:

"அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். லக்ன பத்திரிகை வாசிக்கும்போது எங்கள் குலதெய்வத்தின் பெயரை நீங்கள் விசாரித்து வைத்திருந்து, உங்கள் தெய்வத்தின் பெயரோடு சேர்த்து வாசிக்கச் சொன்னீர்கள். அதை நாங்கள் கேட்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. என் தாயார் கண்கலங்கியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் பெண் எங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் தாயாரே பார்த்துக்கொள்வார்."

கடிதம் எட்டுப் பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மாதம் கழித்து வந்தால் கடமைக்கு எழுதியது போல ஆகிவிடும்.

நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டார் நடத்தி, பெண் வீட்டார் நன்றி சொல்கிற இடத்திலும் வழிகள் இவையேதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பெண் வீட்டார் அளவுக்கு மீறிக் குழைந்தால் அது பணிவாக, பிறகு இறங்கிப்போவதாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு விஷயத்தைக் குறிப்பிட்டு நிமிர்ந்து சொல்லி நிறுத்துவது போதும்.

இனி நம் கோவைக் குடும்பம். ஏழு மணி நேரத் தூரம் என்பதால் நேரில் போவது இப்போது இல்லை. புரட்டாசி கழிந்து பத்திரிகை மாதிரி பார்க்கப் போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவு "வந்து சேர்ந்துட்டோம்". திங்கள் காலை ஒன்பதே காலுக்கு அப்பாவும் அம்மாவும் பேசுகிறார்கள். மாலையில் தாய்மாமனுக்கு ஒரு போன், பையன் தனியாக அத்தை மாமாவிடம். அன்றிரவு குழுவில் நாலு வரி. புதன்கிழமைக்குள் அப்பா கடிதத்தை எழுதி முடிக்கிறார். பரிசு என்று எதுவும் வாங்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு தூக்குகள் இன்னும் கோவைச் சமையலறையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த வாரம் கும்பகோணம் பக்கம் போகிற உறவினர் ஒருவர் இருக்கிறார். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடியை ரப்பர் வளையத்தோடு சரிபார்த்து, ஒன்றில் அரைக்கிலோ கற்கண்டு, மற்றதில் நாட்டுச் சர்க்கரை. ஒன்றின் மேல் ஆல்பம், இன்னொன்றின் மேல் கடிதம். வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பக் கூடாது.